த்ரிஷ்யமா, பாபநாசமா: ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்தாள். பெரியம்மா மகள். நர்ஸாக இருக்கிறாள், இரண்டு வாரமாக இரவு ஷிப்ட். அன்றைக்கு ஒரே ஒரு ராத்திரி லீவு கிடைத்திருந்தது.

"டேய், த்ரிஷ்யம் பார்க்கட்டுமா, பாபநாசம் பார்க்கட்டுமா? ரெண்டும் ஒரே கதைதானாம். நான் ஒண்ணுதான் பார்ப்பேன். யோசிச்சுச் சொல்லு."

கதை எவ்வளவு தெரியும் என்று கேட்டேன். ஒரு அப்பா, போலீஸ், குடும்பத்தைக் காப்பாற்றப் போராடுகிறார், அவ்வளவுதான் தெரியும் என்றாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதையின் ரகசியம் தெரியாமல் ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அவளுக்கு இன்னும் கிடைக்கக்கூடிய ஒன்று எனக்கு இனிமேல் கிடைக்காது. தப்பான பதிலைச் சொல்லி அதை நான் வீணாக்கிவிடக் கூடாது. ஒரு மணி நேரம் டைம் கொடு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டையும் பார்த்துவிட்டால் போயிற்று என்று பலர் சொல்வார்கள். நேரம் இருந்தால் பார்க்கலாம்தான். ஆனால் ரகசியத்தை நம்பி நிற்கிற படத்தில், நேரம் எவ்வளவு இருந்தாலும் முதல் முறை பார்ப்பது ஒன்றை மட்டும்தான். இரண்டாவதாகப் பார்ப்பது வேறு வேலை. நான் 2015இல் பாபநாசத்தை முதலில் பார்த்தேன். ஒரு வருடம் கழித்துத்தான் த்ரிஷ்யம் பார்த்தேன். மலையாளப் படம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் கதைக்குள் இல்லை. இந்த இடத்தில் கமல் என்ன செய்தார், இந்த வசனம் தமிழில் எப்படி இருந்தது என்று சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். சின்ன மகளாக வரும் எஸ்தர் அனில் இரண்டிலும் நடித்திருக்கிறாள். அதே குழந்தை, அதே விசாரணை, அதே பயம். தமிழில் முதலில் பார்த்தவனுக்கு, மலையாளத்தில் அவள் கொஞ்சம் சின்னவளாகத் தெரிகிறாள். அவள் அடிவாங்கும் காட்சியில் நான் பதறியிருக்க வேண்டும். "அட, இதில் இன்னும் குட்டியாக இருக்கிறாளே" என்றுதான் முதலில் தோன்றியது. அந்தக் காட்சி எனக்கு அப்படித்தான் கைவிட்டுப் போனது.

அதனால் இதை நான் லேசான கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை. முதலில் பார்ப்பதுதான் நம் மனத்தில் அந்தக் கதையாகத் தங்கும். மற்றது, எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கிற படமாகிவிடும்.

இந்த இரண்டு படங்களை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறேன். கடைசி ரகசியத்தை நான் தொடப் போவதில்லை, அக்காவைப் போல இன்னும் சிலர் இருக்கக்கூடும்.

த்ரிஷ்யம் 2013 டிசம்பரில் வந்தது. ஜீத்து ஜோசப் எழுதி இயக்கினார், மோகன்லால் நடித்தார். அடுத்த வருடமே கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் போனது. 2015இல் தமிழிலும் இந்தியிலும் வந்தது. பிறகு சிங்களம், 2019இல் சீன மொழி. இத்தனையிலும் தமிழுக்கு ஒரு தனி இடம் உண்டு. அதை இயக்கியவரும் ஜீத்து ஜோசப்தான். ஒளிப்பதிவாளரும் அதே சுஜித் வாசுதேவ். மகனைத் தேடும் போலீஸ் அதிகாரி கீதா பிரபாகராக அதே ஆஷா சரத். அந்த மகனாக அதே ரோஷன் பஷீர். வேறொருவர் கதையை வாங்கிக் கெடுத்துவிட்டார் என்று சொல்ல இங்கே வழியே இல்லை. அதனால்தான் இந்த ஜோடி எனக்குப் பிடிக்கும். ஆட்களும் திரைக்கதையும் பெரும்பாலும் அப்படியே இருக்க, எது மாறியது என்று தெளிவாகத் தெரியும்.

அதே இயக்குநர் என்றால் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. ஜார்ஜ் ஸ்லூஸர் 1988இல் டச்சு மொழியில் 'ஸ்பூர்லூஸ்' எடுத்தார். பயணத்தின் நடுவே ஒரு பெண் காணாமல் போகிறாள், அவளுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அவள் காதலனால் இருக்க முடியவில்லை. 1993இல் அமெரிக்காவில் அதே கதையை அவரே மறுபடி எடுத்தார், முடிவை மாற்றி. பழைய முடிவு பார்ப்பவரை வீடுவரை துரத்தும். புதியது ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்கும். அங்கே யோசிக்கவே வேண்டாம், மூலத்தைத்தான் பார்க்க வேண்டும். முடிவையே மாற்றிய மறுஆக்கம் என்றால் பெரும்பாலும் என் பதில் அதுதான்.

பாபநாசத்தில் முடிவு மாறவில்லை. மாறியது அதற்கும் அடியில் இருக்கிற ஒன்று. தலைப்பைப் பார்த்தாலே பிடிபடும், எனக்குத்தான் அது உறைக்க நாளாயிற்று. த்ரிஷ்யம் என்றால் காட்சி, கண்ணுக்குத் தெரிவது. அந்தப் படம் முழுக்க யார் எதைப் பார்த்தார்கள், பார்த்ததாக எதை நம்புகிறார்கள் என்பதைப் பற்றியது. பாபநாசம் தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஊர். அங்கே முழுகினால் பாவம் தீரும் என்று நம்பிக்கை. ஊர்ப்பெயர்தான், ஆனாலும் அதைத் தலைப்பில் வைத்தவுடன் படம் பாவத்தைப் பற்றியதாகிவிடுகிறது. ஒரே கதை மலையாளத்தில் கண்ணைப் பற்றியும் தமிழில் மனச்சாட்சியைப் பற்றியும் பேசுகிறது.

இது வெறும் பெயர் விளையாட்டு இல்லை, நடிப்பிலும் இறங்கியிருக்கிறது. கதையில் அந்த அப்பா கேபிள் டிவி நடத்துகிறவர். நாலாம் கிளாஸ்வரைதான் படிப்பு. ராத்திரியெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து படம் பார்த்துப் பார்த்து உலகத்தைத் தெரிந்துகொண்டவர். ஒரு கட்டத்தில் அவர் தன் மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும், போலீஸ் கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அதாவது நடிக்கத் தெரியாத ஒரு குடும்பம் நடிக்க வேண்டும், முக்கியமாக அவர் நடிக்க வேண்டும். நடிப்பைப் பற்றிய படம் இது. இதில் நாயகனாக நடிப்பவர் எவ்வளவு காட்டுகிறார், எவ்வளவு மறைக்கிறார் என்பதுதான் படத்தின் உயிர்.

மோகன்லால் மறைக்கிறார். அவருடைய ஜார்ஜ்குட்டி போலீஸ் முன்னால் உட்காரும்போதும் சரி, வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்காரும்போதும் சரி, முகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று போலீஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நாமும் ஏமாறுகிறோம். கடைசியில் உண்மை திறக்கும்போது, இத்தனை நேரம் கூடவே இருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்ற அடி விழுகிறது.

கமல்ஹாசனின் சுயம்புலிங்கம் நமக்குக் காட்டிக்கொடுக்கிறார். போலீஸிடம் மறைப்பதை நம்மிடம் மறைப்பதில்லை. தொண்டை அடைப்பதும் கண் அலைவதும் நமக்குத் தெரியும். இங்கே நாம் ஏமாறுகிறவர்கள் இல்லை, கூட்டாளிகள். அவர் மாட்டிக்கொள்வாரோ என்று நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது. படத்தின் இறுதிப் பகுதியில் அந்த அப்பா, காணாமல் போன பையனின் பெற்றோரைச் சந்தித்துப் பேசும் காட்சி ஒன்று உண்டு. மோகன்லால் அதில் உடையாமல் நிற்கிறார். சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்லி முடிக்கிறார். கமல் உடைந்து அழுகிறார். பார்க்கிறவர்களில் பாதிப்பேர் கூடவே அழுவார்கள், நானும் அழுதேன்.

இரண்டில் எது உசத்தி என்று சண்டை போடுகிறவர்களோடு எனக்குச் சேர முடிவதில்லை. இரண்டும் இரண்டு விதமான ராத்திரியைத் தருகின்றன. ஆனால் என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால், இந்தக் கதைக்கு மோகன்லாலின் வழிதான் சரி என்பேன். ரகசியத்தைச் சுமக்கிற ஆளின் முகம் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும். நான் மலையாளத்தை முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் வருத்தப்படுகிறேன்.

அப்படியானால் அக்காவிடம் உடனே த்ரிஷ்யம் என்று சொல்லியிருக்கலாமே? சொல்லத்தான் போனேன். மொழி குறுக்கே வந்தது.

அவளுக்கு மலையாளம் தெரியாது. சப்டைட்டில் இருக்கிறதே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழர் ஒருவர் மலையாளப் படம் பார்க்கும்போது கீழே ஓடுவது பெரும்பாலும் ஆங்கிலம். பக்கத்து வீட்டு மொழியை, ஏழு கடல் தாண்டிய மொழி வழியாகப் படிக்கிறோம். காது பாதியைப் புரிந்துகொள்கிறது, கண் வேறொன்றைப் படிக்கிறது, மனம் இரண்டையும் ஒட்டவைக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. சப்டைட்டில் ஒரு வரியாக, இரண்டு வரியாக, பேச்சு தொடங்கும்போதே முழுசாக வந்து விழுந்துவிடும். நடிகர் பேசி முடிப்பதற்குள் நாம் படித்து முடித்துவிடுவோம். சாதாரணப் படத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. இந்தப் படத்தில் நாலு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கிறார்கள். அன்றைக்கு எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்? பதில் சொல்லும்போது அந்தச் சின்னப் பெண் எங்கே நிறுத்துகிறாள், எங்கே மூச்சு விடுகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது நினைவிலிருந்து வருகிற பதிலா, மனப்பாடம் செய்த பதிலா? கீதா பிரபாகர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் முகத்தைப் பார்க்க வேண்டிய அந்த இரண்டு விநாடி, திரையின் அடியில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு, மலையாளத்துக்கு மட்டும் பொருந்தும். முதல் இருபது நிமிடம் சப்டைட்டில் வைத்துப் பார்த்துக் காதைப் பழக்கிக்கொள்வது. பிறகு அணைத்துவிடுவது. த்ரிஷ்யத்தின் முதல் பாதி நிதானமாக, வீட்டு விஷயங்களாகவே போகும். அப்பாவின் சிக்கனம், மனைவியின் அலுப்பு, மகள்களின் ஆசை. மெதுவாக இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. மொழி தெரியாதவருக்கு அந்த மெதுவே பெரிய உதவி. சிக்கல் தொடங்கும் நேரத்தில் காது தயாராகிவிடும். கொரிய மொழியிலோ டச்சிலோ இந்த வித்தை நடக்காது.

அப்படியே சப்டைட்டில் இல்லாமல் பார்த்தாலும், கேட்காமல் போகிற ஒன்று இருக்கும். ஜார்ஜ்குட்டி ஒரு மலைநாட்டுக் கிராமத்துக்காரர், பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவர். அவர் பேசும் பேச்சிலேயே மலையாளிகளுக்கு அவருடைய இடமும் படிப்பும் தெரிந்துவிடும். நமக்கு அது வெறும் மலையாளம்தான். பாபநாசத்தில் சுயம்புலிங்கம் வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே நெல்லைக்காரர் என்று தெரிந்துவிடுகிறது. வசனம் ஜெயமோகன். அந்த 'லே' வந்து விழுகிற பேச்சில் ஒரு வெள்ளந்தித்தனமும் ஒரு கெட்டித்தனமும் சேர்ந்தே இருக்கிறது. இவ்வளவு வெகுளியாகப் பேசுகிறவரா போலீஸை ஏமாற்றப் போகிறார் என்று தோன்றவைக்கிறது. அதாவது மூலப்படம் தன் சொந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கொடுத்ததோ, அதில் ஒரு பங்கைத் தமிழருக்கு மறுஆக்கம்தான் கொடுக்கிறது. மூலத்தைப் பார்த்தால் மூலத்தின் அனுபவம் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதே வேளையில், மாற்றி வைக்கும்போது தொலைகிறவையும் உண்டு. மலையாளத்தில் அந்தக் குடும்பம் அன்றைக்குத் தொடுபுழைக்குத் தியானத்துக்குப் போனதாகப் போலீஸிடம் சொல்கிறது. கிறிஸ்தவக் குடும்பம், தியானம் என்றால் அங்கே நாள் குறித்து நடக்கிற கூட்டம், நாலு பேர் சேர்ந்து போவது இயல்பு. இந்தியில் அது பனாஜியில் ஒரு சாமியாரின் சத்சங்கமாக மாறியது, அவர்கள் சொல்லும் தேதியும் ஆகஸ்டு 2இலிருந்து அக்டோபர் 2க்குப் போனது. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆனால் முதலில் எழுதியவர் அந்த ஊரையும் அந்தக் குடும்பத்தையும் மனத்தில் வைத்து நெய்த நூல் ஒன்று அங்கே இல்லை. மறுஆக்கம் பார்க்கும்போது சில இடம் கொஞ்சம் ஒட்டாமல் இருப்பதாக உணர்ந்தால், பெரும்பாலும் இப்படி ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்த இடமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் கணக்கில் வர வேண்டும். த்ரிஷ்யம் 2 என்று 2021 பிப்ரவரியில் தொடர்ச்சி வந்தது. ஜீத்து ஜோசப், மோகன்லால், அதே குடும்பம். அது முதல் படத்தின் கடைசிக் காட்சியின் மேலேயே கட்டப்பட்டது. கமலை வைத்துத் தமிழில் அந்தத் தொடர்ச்சி வரவில்லை. பாபநாசம் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான், அல்லது சுயம்புலிங்கத்தை மறந்துவிட்டு ஜார்ஜ்குட்டி வீட்டுக்குள் நுழைய வேண்டும். சின்ன மகளும் கீதா பிரபாகரும் மட்டும் தெரிந்த முகமாக இருப்பார்கள். கதை பிடித்துப்போனால் தொடர்ந்து பார்க்கிற பழக்கம் உள்ளவர் என்றால், நான் வேறெதையும் கேட்காமல் மலையாளத்தையே சொல்வேன்.

நீளத்திலும் வித்தியாசம் இருக்கிறது, தமிழ்ப்படம் ஏறத்தாழ கால் மணி நேரம் அதிகம். மூன்று மணி நேரத்தை நெருங்கும். இரவு ஷிப்ட் முடித்த உடம்புக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அக்காவைக் கூப்பிட்டேன். த்ரிஷ்யம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தனியாத்தான பாக்குற?"

"இல்லடா, அத்தையும் உட்காருவாங்க. அவங்களுக்கும் ராத்திரி தூக்கம் வராது."

அக்காவின் மாமியாருக்கு எழுபது வயது இருக்கும். ஆங்கிலம் தெரியாது, கண்ணும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. மலையாளத்தைப் போட்டால் அக்கா ஒவ்வொரு வசனத்தையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்கிறவளுக்கும் படம் போய்விடும், கேட்கிறவருக்கும் போய்விடும். இதுவரை நான் யோசித்ததெல்லாம் ஒருத்தி மட்டும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள் என்று வைத்துக்கொண்டு யோசித்தது.

"அப்படின்னா பாபநாசம் பாரு," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. முதல் பாதி மெதுவாப் போகும், போன் எடுக்காம பாரு. வேற எதையும் தேடிப் படிக்காத."

ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. எடுத்தவுடன் அவள் கமலைப் பற்றியோ முடிவைப் பற்றியோ பேசவில்லை. அத்தை நடுவில் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை, சின்னப் பெண்ணைப் போலீஸ்காரன் அடிக்கும்போது திரையைப் பார்த்துத் திட்டினார் என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"டேய், ஒண்ணு கேக்கணும். கடைசில அந்த அம்மா அப்பாகிட்டப் பேசும்போது அழுவாருல்ல, அது நெஜமாவே அழுறாரா? இல்ல அவங்களும் நம்பணும்னு அழுறாரா? அத்தை நெஜம்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல."

இத்தனை வருடம் நான் அந்த அழுகையைச் சந்தேகப்பட்டதே இல்லை. கமல் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார், ஒளிக்க ஒன்றும் வைப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகையே ஒளித்துவைக்கிற இடமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதல் முறை பார்க்கிற ஒருத்திக்கு, படம் முடிந்த பத்தாவது நிமிடத்தில் தோன்றிவிட்டது.

தெரியவில்லை அக்கா என்றேன்.

"மலையாளத்துல இந்த எடத்துல அவரு அழுவாரா?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். அடுத்த லீவு எப்போது என்று மட்டும் கேட்டேன்.